கொக்கு தவறும் இடத்தில் கேமரா நிற்கட்டும்

கையும் கேமராவும் – தொடர் 9

சதுரத் தாள் ஒன்றிலிருந்து காகிதக் கொக்கு செய்து முடிக்க ஏறக்குறைய 21 மடிப்புகள் ஆகும். எண்ணும் விதத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். இதை வீடியோ பாடமாக எடுக்க உட்காரும்போது ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த மடிப்புக்கு எத்தனை நொடி என்பதை. வழக்கத்தில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. மடித்துக் காட்டுகிறவரின் கை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறதோ அதையே விட்டுவிடுவது ஒன்று; பார்க்கச் சிக்கலாகத் தெரிகிற இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. இரண்டிலுமே கணக்கு காட்டுகிறவர் பக்கத்திலிருந்துதான் போடப்படுகிறது. கணக்கைப் பார்ப்பவர் பக்கத்திலிருந்து போட வேண்டும் என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம். எந்த இடத்தில் செய்த தவறு அவருடைய கண்ணுக்கு உடனே தெரியாமல் போகிறதோ, அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தவறு ஆளைத் தானாகவே நிறுத்திவிடும். தெரியாத தவறில் ஆளை நிறுத்துவது ஸ்கிரிப்டின் வேலை.

கொக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் 1797-ஆம் ஆண்டு கியோட்டோவில் வெளியான ‘சென்பஜுரு ஒரிகதா’ என்ற நூலிலேயே, ஒரே தாளை வெட்டி ஒன்றோடொன்று ஒட்டியபடி மடிக்கும் 49 வகைக் கொக்குக் கூட்டங்கள் இடம்பெற்றுவிட்டன. அப்படியானால் ஒற்றைக் கொக்கு அதற்கும் முன்பே பலருக்குக் கைவந்ததாக இருந்திருக்க வேண்டும். மரபு உருவம் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடமாக எடுக்கலாம். இன்றைய ஓரிகாமிக் கலைஞர்கள் வடிவமைத்த உருவங்களுக்கு அந்த வசதி கிடையாது. கொக்கு பாதி வழியில் அடைகிற ‘பறவை அடிப்படை’ என்ற நிலையிலிருந்து வேறு பல உருவங்களும் கிளைக்கின்றன. ஆகவே இந்தப் பாடத்தில் எங்கே நிற்பது என்று தெரிந்துகொண்டால், அது அந்த உருவங்களுக்கும் அப்படியே பயன்படும்.

முதலில் கேமரா. பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் உள்ள, ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் வெள்ளையுமான தாள் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எடுக்கும் ஷாட்டில் திரையின் கீழ் விளிம்பு, மடிக்கிறவரின் வயிற்றுப் பக்கமாக இருக்க வேண்டும். கேமரா எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இடமும் வலமும், மேலும் கீழும் புரண்டுவிடும். பார்ப்பவர் ஒவ்வொரு மடிப்பையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். தாளின் உயரம் திரை உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால், கை வந்து போக இரு பக்கமும் போதிய இடம் கிடைக்கும். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழ வேண்டும். கேமராவைச் சுற்றிப் பொருத்துகிற வளைய விளக்கு முகத்துக்கு நல்லது, தாளுக்கு ஆகாது. மடிப்புக் கோட்டின் நிழலை அது துடைத்தெடுத்துவிடும். குவியத்தைப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் கேமரா கையைத் தேடிப் போய்த் தாளை மங்கலாக்கும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் மேலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. தாளின் வெளிக்கோட்டை அது துல்லியமாகக் காட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு இருக்கிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டாது. கொக்கில் வருகிற மோசமான தவறுகள் எல்லாம் அடுக்கில்தான் நடக்கின்றன.

தொடக்க மடிப்புகளில் இந்தக் குறை உறைக்காது. வண்ணப் பக்கம் மேலே இருக்க, மூலைக்கு மூலை இரண்டு மடிப்பு; விரித்து, தாளைப் புரட்டி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, விளிம்புக்கு விளிம்பு இரண்டு மடிப்பு. பிறகு நான்கு மூலைகளும் ஒரே இடத்தில் சேரும்படி தாளைக் குவித்து அமுக்கினால், பக்கத்துக்கு ஏழரை சென்டிமீட்டர் உள்ள சிறிய சதுரம் கிடைக்கும். இதைச் சதுர அடிப்படை என்பார்கள். இங்கே நடக்கக்கூடிய தவறுகள் பெரும்பாலும் தாமே காட்டிக் கொடுக்கும். புரட்டாமல் எல்லாக் கோடுகளையும் ஒரே பக்கமாக மடித்திருந்தால், குவிக்கும்போது தாள் முரண்டு பிடிக்கும். பக்கம் மாறியிருந்தால் வெள்ளை வெளியே வந்துவிடும், அல்லது சதுரத்துக்குப் பதில் முக்கோணம் வந்து நிற்கும். திரையில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது வேறு என்பது யாருக்கும் தெரியும். இந்த இடங்களில் நீண்ட நிறுத்தம் எதுவும் தேவையில்லை. குவித்து முடித்த உருவத்தைச் சில நொடி அசையாமல் காட்டினால் போதும், மாறுபாட்டைக் கண் பிடித்துவிடும்.

அடுத்த கட்டத்தில் நிலைமை மாறுகிறது. சதுர அடிப்படையை வைரம் போல் நிறுத்தி வைத்தால் அதன் மேல் முனையும் கீழ் முனையும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் ஒரு முனை தாளின் நடுப்புள்ளி. அங்கே எல்லா அடுக்கும் மூடிக்கொண்டிருக்கும். எதிர்முனையில் தாளின் நான்கு மூலைகளும் தனித்தனியே திறந்து கிடக்கும். திறந்த முனை வயிற்றுப் பக்கம் இருக்க, அந்த முனையைத் தொடும் இரண்டு விளிம்புகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்க வேண்டும். பட்டம் மாதிரி ஓர் உருவம் வரும். பின்பக்கமும் அப்படியே. கொக்கு மடிக்கத் தொடங்குகிறவர்கள் வழி தவறுகிற முக்கியமான இடம் இது: தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, மூடிய முனையிலிருந்து பட்டத்தை மடித்துவிடுவார்கள். தாள் எந்த எதிர்ப்பும் காட்டாது. விளிம்புகள் நடுக்கோட்டில் ஒழுங்காக வந்து சேரும். மேலிருந்து பார்க்கிற கேமராவில் சரியான பட்டமும் தவறான பட்டமும் ஒரே உருவம்தான்.

அருகில் போய்ப் பார்த்தால் மட்டும் ஒரு வேறுபாடு தெரியும். சரியாக மடித்த பட்டத்தில் நடுக்கோட்டில் வந்து சேர்வது தாளின் வெட்டு விளிம்பு. இரண்டு தாள் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் மெல்லிய வெள்ளைக் கீற்றோடு தெரியும். தவறாக மடித்ததில் நடுக்கோட்டுக்கு வருவது மடித்த விளிம்பு. அது உருண்டு, முழு வண்ணத்தில், பிளவு இல்லாமல் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த அடையாளத்தை, 40 சென்டிமீட்டர் அகலத்தைக் காட்டுகிற திரையில் யாரும் கவனிக்க முடியாது. ஆகவே பார்ப்பவர் தைரியமாக மேலே போவார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பட்டத்தை முடிப்பார். உச்சியில் மிஞ்சும் முக்கோணத்தைக் கீழே மடித்துக் கோடு போடுவார். அதற்கடுத்து ஓர் அடுக்கை மட்டும் தூக்க வேண்டிய நேரம் வரும்போதுதான் தூக்குவதற்கு அடுக்கே இல்லை என்று தெரியும். தவறுக்கும் அது வெளிப்படுவதற்கும் இடையில் ஐந்து மடிப்புகள் போய்விட்டன. அந்தக் கணத்தில் அவர் சந்தேகப்படுவது ஐந்து மடிப்புக்கு முன்னால் நடந்ததை அல்ல, கண்ணெதிரே இருக்கிற மடிப்பைத்தான். வீடியோவைச் சிறிது பின்னோக்கி இழுத்து, அடுக்கைத் தூக்கும் பகுதியையே திரும்பத் திரும்பப் பார்ப்பார். அங்கே விடை கிடைக்காது. கிடைத்து, எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் மடித்தாலும், தாளின் நடுப்பகுதியில் போட்ட வேண்டாத கோடுகள் அழியாமல் கொக்கின் முதுகில் தெரியும்.

இந்தத் தவறுக்கு வைக்க வேண்டிய நிறுத்தம், பட்டம் மடிப்பதற்கு முன்னால் வர வேண்டும். தவறு இன்னும் நடக்காத, நடந்தாலும் தாளை வெறுமனே திருப்பி வைத்தால் சரியாகிவிடுகிற கடைசி நொடி அதுதான். தொடக்கத்தில் தாளைக் காட்ட 20 நொடி, நான்கு அடிப்படைக் கோடுகளுக்கு ஒரு நிமிடம், குவிப்பதற்கு 45 நொடி என்று வைத்தால், இந்த இடம் 2:05-இல் வரும். ஸ்கிரிப்டின் அந்தப் பகுதி இப்படி இருக்கலாம்:

2:05 – மேலிருந்து. இரு கைகளும் திரையை விட்டு வெளியே போகின்றன. சதுரம் மட்டும், வைர நிலையில்.

2:07 – குரல்: “உங்க தாளை இப்படி வைங்க. உங்க பக்கம் இருக்கிற முனையை நகத்தால பிரிச்சுப் பாருங்க. நாலு மூலையும் தனித்தனியா பிரியணும்.”

2:13 – அருகிலிருந்து. நகம் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறது.

2:17 – மேலிருந்து. கை இல்லை. குரல்: “பிரியலைன்னா தாளை மேல் கீழா திருப்பி வைங்க.”

2:20 – ஐந்து நொடி மௌனம். படம் அசையாது.

2:25 – கை திரும்ப வருகிறது. முதல் பட்ட மடிப்பு.

இந்த 20 நொடியில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கை திரையை விட்டுப் போவது, இது பார்க்கிற நேரம் முடிந்து செய்கிற நேரம் என்பதற்கு அடையாளம். சொல்லப்படுகிற சோதனை கண்ணால் செய்வது அல்ல, விரலால் செய்வது. மேலிருந்து காட்ட முடியாத அடுக்கை விரல் கண்டுபிடித்துவிடும். மௌனம் சோதனைக்குப் பிறகு வருகிறது. சோதனை இல்லாத வெறும் மௌனம் பார்ப்பவருக்கு எந்த உதவியும் செய்யாது; தவறாக வைத்தவரும் சரியாக வைத்தவரும் அந்த நேரத்தில் ஒரே நிம்மதியோடு காத்திருப்பார்கள். “கவனமாகப் பாருங்கள்”, “மெதுவாகச் செய்யுங்கள்” போன்ற வாக்கியங்களுக்கும் இதே கதிதான். பார்ப்பவர் கவனக்குறைவால் தவறவில்லை, படத்தில் இல்லாத ஒன்றைப் பார்க்க முடியாமல் தவறுகிறார்.

இனி அடுக்கைத் தூக்கும் கட்டம்; இதழ் மடிப்பு என்பது இதன் பெயர். பட்ட மடிப்புகளையும் உச்சி முக்கோணத்தையும் விரித்துவிட்டு, கீழ் முனையின் மேலடுக்கு ஒன்றை மட்டும் பிடித்து, முன்பு போட்ட குறுக்குக் கோட்டைக் கீலாக வைத்து மேலே தூக்க வேண்டும். தூக்கும்போது பக்கவாட்டு விளிம்புகள் இரண்டும் உள்ளே வந்து நடுவில் சேரும். சிக்கல் எங்கே என்றால், அந்த மேலடுக்கில் உள்ள பட்டக் கோடுகள் இதுவரை ஒரு பக்கம் மடிந்திருந்தன. இப்போது அவை எதிர்ப்பக்கம் மடிய வேண்டும். கோடு அழுத்தமாக விழவில்லை என்றால் விளிம்புகள் உள்ளே வராமல் வெளிப்பக்கமாக உப்பி, தாள் படகு போல நிற்கும். இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதைத் தவிர்க்க வேண்டிய அசைவு மேலிருந்து தெரியாது. அடுக்கு செங்குத்தாக எழுந்து நிற்கிற நொடியில் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஆகவே இந்த ஒரு மடிப்புக்கு மட்டும் சாய்வான ஷாட் வேண்டும். மடிக்கிறவரின் இடது தோள் பக்கத்திலிருந்து, அவர் பார்க்கிற திசையிலேயே எடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து எடுத்தால் திசை மாறிப் பார்ப்பவர் குழம்புவார். குறுக்குக் கோட்டின் இரு நுனிகளிலும் விரல் அழுத்தி விளிம்பை உள்ளே தள்ளுவதை அந்த ஷாட் காட்டிவிட்டு, அடுக்கு படிந்ததும் மீண்டும் மேலிருந்து பார்க்கிற நிலைக்கு வந்துவிட வேண்டும்.

இதழ் மடிப்பு முடிந்த இடத்தில் ஒரு நல்ல சோதனை இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஏழரை சென்டிமீட்டர் சதுரத்தில் கீழ் முனையிலிருந்து குறுக்குக் கோடு வரை சரியாக ஏழரை சென்டிமீட்டர் இருக்கும். அதே கோட்டைக் கீலாக வைத்து முனையை மேலே புரட்டினால், கோட்டுக்கு மேலேயும் ஏழரை. மொத்த உயரம் 15 சென்டிமீட்டர். அதாவது தொடங்கிய தாளின் ஒரு பக்க நீளம். ஆகவே மடிக்காத இன்னொரு தாளைப் பக்கத்தில் வைத்தால் முனைக்கு முனை ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கீல் கோடு சரியான இடத்தில் மடியவில்லை என்று பொருள். அளவுகோல் வேண்டாம், எண் வேண்டாம். வேறு அளவுத் தாளில் மடிப்பவருக்கும் அவருடைய தாளே அளவுகோல். முதல் இதழ் மடிப்புக்கு ஒதுக்குகிற 75 நொடியில் கடைசி 19 நொடியை இந்தச் சோதனைக்கு விட்டுவிடலாம். பின்பக்க இதழ் மடிப்பு இதே வேலையின் மறுபதிப்பு என்பதால் அதற்கு 40 நொடி போதும்.

பறவை அடிப்படை கிடைத்ததும், முன்பு பார்த்த அதே வகைத் தவறு வேறு வேடத்தில் மீண்டும் வருகிறது. இப்போது கையில் இருப்பது நீண்டு ஒடுங்கிய வைரம். மேல் பாதியிலும் நடுக்கோட்டில் இரண்டு விளிம்புகள் சேர்கின்றன. கீழ்ப் பாதியிலும் சேர்கின்றன. வெளிக்கோடு ஒன்றே, நடுக்கோடும் ஒன்றே. ஆனால் கீழ்ப் பாதி இரண்டு கால்களாக இடமும் வலமும் பிரியும். பின்னால் கழுத்தும் வாலும் ஆகப்போவது அவைதான். மேல் பாதி முன்னும் பின்னுமாகப் பிரியும், அவை இறக்கைகள். ஒடுக்க வேண்டியது கால்களை. இறக்கைப் பக்கத்தை ஒடுக்கிவிட்டால் தாள் இங்கேயும் மறுப்பு சொல்லாது. முன்னும் பின்னும் நான்கு மடிப்பு முடிந்து, கழுத்தைத் தூக்கப் போகும்போது தடித்த கழுத்தும் கம்பி போன்ற இறக்கையும் கிடைக்கும். சோதனை எளிது: உங்கள் பக்கம் இருக்கிற முனையை இரு விரல்களால் இடமும் வலமுமாக இழுத்தால் கத்தரிக்கோல் போலப் பிரிய வேண்டும். இதற்கு 15 நொடி. பிறகு நான்கு ஒடுக்கு மடிப்புகளும் சேர்ந்து 25 நொடியில் முடிந்துவிடும். விளிம்பை நடுக்கோட்டில் முட்டவிடாமல் மயிரிழை இடைவெளி விடச் சொல்வது மட்டும் அவசியம். இல்லையென்றால் கழுத்தை உள்ளே திருப்பி மடிக்கும்போது தாள் கசங்கும்.

இப்போது மொத்தக் கணக்கைப் பார்க்கலாம். கழுத்துக்கு 50 நொடி, வாலுக்கு 25, தலைக்கு 10, இறக்கைகள் இரண்டுக்கும் சேர்த்து 15 என்று எடுத்துக்கொண்டால், பட்ட மடிப்புகளுக்கும், உச்சி முக்கோணத்தை மடித்து எல்லாவற்றையும் விரிப்பதற்கும் ஆகும் நேரத்தோடு பாடம் 7 நிமிடம் 44 நொடியில் முடிகிறது. இதே நேரத்தை 21 மடிப்புக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 22 நொடி வரும். அந்தப் பங்கீட்டில் யாராலும் தவறாகச் செய்ய முடியாத இறக்கை மடிப்புகளுக்கு 44 நொடி கிடைக்கும். முதல் இதழ் மடிப்புக்கு 22 நொடிதான். திறந்த முனை எது என்று சோதிக்க நேரமே இருக்காது, ஏனென்றால் அது மடிப்பே இல்லை. மடிப்புகளை எண்ணி நேரம் ஒதுக்குகிற முறையின் அடிப்படைக் கோளாறு இது: கொக்கு தவறுகிற இரண்டு முக்கியமான இடங்களும் மடிப்புகளுக்கு இடையில் இருக்கின்றன. தாளைக் கையில் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது மடிப்புப் பட்டியலில் வருவதில்லை.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு, பார்ப்பவரிடம் நிறுத்தும் பொத்தான் இருக்கிறதே என்பது. வேண்டியபோது நிறுத்தட்டும், பின்னால் போகட்டும். ஸ்கிரிப்டில் எதற்குத் தனியாக நிறுத்தம்? மடிக்கிறவரின் இரண்டு கைகளும் தாளில் இருக்கின்றன என்பது இதற்குச் சின்ன பதில். குவித்த தாளை விட்டுவிட்டுத் திரையைத் தொட்டால் அது பாதி விரிந்துவிடும். பெரிய பதில் வேறு. தனக்கு ஏதோ புரியவில்லை என்று தெரிந்தவர்தான் பொத்தானை அழுத்துவார். மூடிய முனையிலிருந்து பட்டத்தை மடித்தவருக்கு எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருக்கிறது. அவர் எதற்காக நிறுத்துவார்? வேகம் போதாமல் தடுமாறுகிறவருக்குப் பொத்தான் உதவும். தவறியது தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததே.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா, 1954-இல் வெளிவந்த நூலில் பயன்படுத்திய கோடு, அம்புக் குறிகளின் முறையை, 1960-களில் சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் செம்மைப்படுத்தினார்கள். இன்று உலகெங்கும் ஓரிகாமி நூல்கள் அந்த முறையில்தான் அச்சாகின்றன. அவற்றில் நொடியும் இல்லை, நிறுத்தமும் இல்லை; அடுக்கைக் காட்டுவதிலும் தட்டையான வரைபடத்துக்கு ஏறக்குறைய இதே குறைதான். அப்படியிருந்தும் லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்து மடிக்கக் கற்றார்களே? கற்றார்கள்தான். ஆனால் அச்சிட்ட பக்கம் ஒரு வசதியைக் கேட்காமலே கொடுக்கிறது. ஐந்தாவது படத்தை மடிக்கும்போது ஆறாவது, ஏழாவது படங்களும் கண்ணெதிரே இருக்கின்றன. போகப் போவது எங்கே என்று முன்கூட்டிப் பார்த்துவிட்டு மடிப்பதும், மடித்ததை அடுத்த படத்தோடு ஒப்பிடுவதும் நூல் வழி கற்கிறவரின் இயல்பான பழக்கம். அங்கே ஒவ்வொரு படமும் ஒரு நிறுத்தம். எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகர் கையில். வீடியோ அந்த அடுத்த நிலையை மறைத்துவிடுகிறது, நேரத்தையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் அடுத்த நிலையின் அசையாத படத்தைச் சிறிதாக வைப்பது ஒரு வழி. சோதனையோடு கூடிய நிறுத்தம் இன்னொரு வழி. அடுக்கு விஷயத்தில் வரைபடத்தால் முடியாததையும் இந்த இரண்டாவது வழி செய்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு பாடம் நடத்துகிறவர்களிடமிருந்து வரும்: தவறைக் காட்டினால் அதையே செய்வார்கள். பாதிப் பேர் ஒலியைக் குறைத்துவிட்டு, கையை மட்டும் பார்த்துக் கூடவே மடிக்கிறார்கள். தவறான மடிப்பைக் கை செய்து காட்டினால் அவர்கள் கையும் செய்யும். இந்த எச்சரிக்கை நியாயமானது. இதிலிருந்து கிடைக்கும் பாடம், தவறைக் காட்டாமல் விடுவது என்பதல்ல. தவறான அசைவைக் காட்டாமல் விடுவது. தவறான நிலையை ஏற்கெனவே மடித்து முடித்த, வேறு நிறமுள்ள தாளில், கை தொடாமல், குறுக்குக் கோடு போட்டு அசையாப் படமாகக் காட்டலாம். பின்பற்றுவதற்கு அசைவு இல்லாத இடத்தில் பின்பற்றுகிற ஆபத்தும் இல்லை. மேலே உள்ள 2:05 பகுதியில் தவறான பட்டம் காட்டப்படவே இல்லை என்பதையும் கவனிக்கலாம். முன்கூட்டியே சோதனை வைத்தால் தவறைக் காட்டும் தேவையே பல இடங்களில் போய்விடுகிறது. இதழ் மடிப்பில் உப்பி நிற்கும் படகு போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே அந்த அசையாப் படம் வேண்டியிருக்கும்.

இன்றைய சூழலில் சொல்லப்படுகிற நான்காவது மறுப்பு, எட்டு நிமிடம் யார் பார்ப்பார்கள் என்பது. ஒரு நிமிட வீடியோவில் 21 மடிப்பு என்றால் ஒன்றுக்கு மூன்று நொடிகூடக் கிடைக்காது. அது கொக்கு மடிக்கப்படுவதைப் பார்க்கிற இன்பத்துக்கு உரியது, கூடவே மடிப்பதற்கு உரியது அல்ல. இரண்டும் வேறு வேலைகள், இரண்டையும் தனித்தனியே எடுப்பதில் தவறில்லை. கூடவே மடிப்பவரைப் பொறுத்தவரை சலிப்பு வருவது நிறுத்தத்தில் அல்ல, தனக்குத் தெரிந்ததை மெதுவாகக் காட்டும்போதுதான். இந்தக் கணக்கில் முதல் பட்ட மடிப்புக்கு 15 நொடி, அடுத்த மூன்றுக்கும் எட்டெட்டு நொடி. திரும்பச் செய்கிற மடிப்புகளில் மிச்சம் பிடித்த நேரம்தான் சோதனைகளுக்குப் போகிறது. கைதேர்ந்தவர் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம்; 20 நொடி நிறுத்தம் அவருக்குப் பத்து நொடிதான்.

கடைசியாக ஒரு கேள்வி நிற்கிறது. தவறு எங்கே மறைந்திருக்கும் என்பது கொக்கில் தெரிந்துவிட்டது. புதிதாக ஓர் உருவத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தாளே சொல்லிவிடும். ஒவ்வொரு நிலையிலும் உருவத்தை மேசையில் வைத்து, மேல் கீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு பின்பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெளிக்கோடு மாறாமல் அடுக்கு மட்டும் மாறினால் அங்கே ஒரு நிறுத்தமும் ஒரு விரல் சோதனையும் வேண்டும். வெளிக்கோடு மாறினால் வேண்டாம், கண் பார்த்துக்கொள்ளும். கொக்கில் இந்தத் தேர்வில் சிக்குவது சதுர அடிப்படையும் பறவை அடிப்படையும்தான், அதனால்தான் மேலே இரண்டே இரண்டு திசைச் சோதனைகள். இப்படித் தயாரித்த முதல் வெட்டை, அந்த உருவத்தை மடித்தறியாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல், அவர் கை எங்கே படத்தைவிட்டு விலகுகிறது என்று குறித்துக்கொண்டால் மிச்சமும் தெரிந்துவிடும். அவர் திகைத்து நிற்கிற இடத்தை மட்டும் குறித்தால் போதாது. தவறு தொடங்கிய இடம் அதற்குச் சில மடிப்புகள் முன்னால் இருக்கும், நிறுத்தத்தை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இந்த முறையால் தீராத தவறு ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். திசைத் தவறு இருக்கும், அல்லது இருக்காது. அதைச் சோதனையால் பிடிக்கலாம். துல்லியக் குறைவு அப்படியல்ல, சிறுகச் சிறுகச் சேர்வது. மூலை மடிப்பில் கோணம் 45 பாகை, பட்டத்தில் அதில் பாதியான 22.5, ஒடுக்கும்போது அதிலும் பாதியான 11.25. அரைப் பாகை பிசகு முதல் மடிப்பில் நூற்றில் ஒரு பங்கு. ஒடுக்கு மடிப்பில் அதே பிசகு நூற்றில் நான்கு பங்குக்கு மேல். அலகின் நுனி மழுங்கிப் போவதற்குக் காரணம் தலை மடிப்பில் இல்லை, முதல் நிமிடத்தில் மூலையோடு மூலை ஒரு மில்லிமீட்டர் விலகியதில் இருக்கிறது. இதற்கு நடுவில் எங்கே நிறுத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் பிசகிய கோட்டைச் சோதித்துக் கண்டுபிடித்தாலும் அதை அழிக்க முடியாது. செய்யக்கூடியது, முதல் நான்கு கோடுகளுக்கு ஒரு முழு நிமிடம் கொடுத்து, முதலில் மூலையைச் சேர்த்துப் பிடி, பிறகு நடுவிலிருந்து வெளியே தேய் என்ற வரிசையை ஒவ்வொரு கோட்டுக்கும் திரும்பச் சொல்வது. அந்த நிமிடத்தில் குரல் என்ன சொல்ல வேண்டும், எந்தச் சொல் கையை அவசரப்படுத்தும், எந்தச் சொல் நிதானப்படுத்தும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)